அப்பா பெயரில் இருந்த ரேஷன் கார்டும் கேஸும்: பெயர் மாற்றிய அனுபவம்

அப்பா காலமானபோது வீட்டில் எல்லாமே அவர் பெயரில்தான் இருந்தது. ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, மின் இணைப்பு, வீட்டு வரி ரசீது, பட்டா. ஊர் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் அம்மா, தம்பி, அந்த வருடம்தான் கல்யாணமாகி வந்த தம்பி மனைவி. நான் திருச்சியில் வாக்கப்பட்டவள். தம்பிக்கு வேலையில் லீவு கிடைப்பது கஷ்டம் என்பதால் இந்த அலைச்சலில் பாதி என் தலையில் விழுந்தது. பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "முதல்ல வாரிசு சர்டிபிகேட் எடு, அது இல்லாம எதுவும் நடக்காது" என்றார் ஒரு மாமா. "ரேஷன் கார்டுல பேரை உடனே எடுத்துடு, இல்லன்னா வழக்குப் போட்டுடுவாங்க" என்றார் ஒரு சித்தி. இரண்டுமே முழுசாகச் சரியில்லை என்பது வேலையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றை யாருமே சொல்லவில்லை. அப்பாவின் செல்போன் எண்ணை உயிரோடு வைத்திருப்பது. ரேஷன் கார்டில் பதிவான எண் அதுதான், கேஸ் ஏஜென்சியில் இருப்பதும் அதுதான். ரேஷன் இணையதளத்தில் நுழைய ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். சிலிண்டர் வந்தால் டெலிவரி செய்பவர் கேட்கும் எண்ணும் அதற்குத்தான் வரும். "இனிமே யாருக்கு இந்த போன்?" என்று சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு, சில மாதம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நிறுவனம் எண்ணையே ரத்து செய்துவிடும், பிறகு அது வேறு யாரிடமோ போய்விடும். தம்பி மாதா மாதம் குறைந்த தொகைக்கு ரீசார்ஜ் போட்டு வந்தான். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் செல்போன் நிறுவனத்தின் கடைக்குப் போய், அதையும் அம்மாவின் ஆதாரையும் காட்டி அதே எண்ணை அம்மா பெயருக்கு மாற்றிவிட்டோம். இதைச் செய்த பிறகு பாதிப் பிரச்சினை எங்களைத் தேடியே வரவில்லை.

அடுத்தது இறப்புச் சான்றிதழ். இறந்த இடத்தில்தான் பதிவு செய்ய வேண்டும், குடியிருக்கும் ஊரில் அல்ல. அப்பா மருத்துவமனையில் இறந்ததால் பதிவு அந்த நகரத்தில் நடந்தது. வீட்டிலேயே இறந்திருந்தால் கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம் சொல்லியிருக்க வேண்டும். 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் அளவில் உத்தரவு வாங்கும் வேலை. மருத்துவமனை இறப்புகளில் அவர்களே தகவல் அனுப்பிவிடுவதால் தேதி பற்றி அதிகம் கவலை இல்லை. கவலை வேறு ஒன்றில் இருக்கிறது: பெயரில்.

ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடும்போது பக்கத்தில் இருந்த பெரியப்பா மகன், கேட்ட கேள்விக்குச் சட்டென்று "பாலு" என்று சொல்லியிருந்தான். ஊரே அப்படித்தான் கூப்பிடும். ஆதாரில் பாலசுப்ரமணியன், முன்னால் இனிஷியல். ரேஷன் கார்டில் பாலசுப்பிரமணியன். கேஸ் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. நல்லவேளை, டிஸ்சார்ஜ் செக்ஷனில் இருந்த ஒரு நர்ஸம்மா, "இறப்புத் தகவல் படிவத்தில் எந்தப் பெயர் போகணும்? ஆதார் கொண்டு வாங்க, அதைப் பார்த்து எழுதிடறேன். இங்கே விட்டா அப்புறம் திருத்த அலையணும்" என்றார். அவர் சொன்னது எவ்வளவு பெரிய உதவி என்று அன்று எங்களுக்குப் புரியவில்லை. சான்றிதழில் பெயர் "பாலு" என்று அச்சாகியிருந்தால், இறந்த பாலுவும் கார்டில் உள்ள பாலசுப்பிரமணியனும் ஒரே ஆள்தான் என்று ஒவ்வொரு மேசையிலும் நிரூபிக்க வேண்டியிருக்கும். 'ப்ர' 'ப்பிர' போன்ற சின்ன எழுத்து வித்தியாசத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆனால் செல்லப்பெயர், இனிஷியல் மாறுவது, தகப்பனார் பெயர் தப்பாக இருப்பது, இந்த மூன்றும் மாட்டிவிடும். சான்றிதழை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், கியூ.ஆர். குறியீடு இருக்கும். ஒரிஜினல் ஒன்றுதான் என்று பயப்படத் தேவையில்லை, எத்தனை பிரதி வேண்டுமானாலும் அச்சிடலாம்.

சரி, ரேஷன் கார்டுக்கு வருவோம். இதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டியதில்லை, இறப்புச் சான்றிதழ் போதும். ஆனால் மாமா சொன்னதில் ஒரு உண்மை ஒளிந்திருந்தது. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது குடும்பத்தில் யார் யார் என்று காட்ட, பெரும்பாலும் ரேஷன் கார்டைத்தான் கேட்கிறார்கள். அப்பா பெயரை அவசரமாக நீக்கிவிட்டால், அவரும் அம்மாவும் தம்பியும் ஒரே குடும்பம் என்று காட்டும் சுலபமான தாள் போய்விடுகிறது. அதனால் மாற்றத்தில் கை வைக்கும் முன்பு பழைய கார்டின் இருபுறத்தையும், இணையதளத்தில் காட்டும் உறுப்பினர் பட்டியலையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டோம். அந்தப் பிரதி பிறகு வாரிசு விசாரணையில் கைகொடுத்தது.

மாற்றத்தை tnpds.gov.in தளத்திலேயே செய்யலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். நாங்கள் வீட்டிலேயே செய்தோம். உள்ளே போனதும் 'உறுப்பினர் நீக்கம்' என்பது கண்ணில் படும், கை நேராக அங்கேதான் போகும். ஆனால் குடும்பத் தலைவரை அப்படி நேரடியாக நீக்க முடியாது. தலைவர் இல்லாமல் ஒரு கார்டு இருக்க முடியாதல்லவா. முதலில் 'குடும்பத் தலைவர் மாற்றம்' கொடுத்து, கார்டில் ஏற்கெனவே இருக்கும் இன்னொருவரைத் தலைவராக்க வேண்டும். அது ஒப்புதலாகி வந்த பிறகுதான் இறந்தவரை உறுப்பினர் என்ற நிலையிலிருந்து நீக்க விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் தனித்தனி விண்ணப்பங்கள், தனித்தனிக் குறிப்பு எண்கள். இரண்டுக்கும் ஒப்புதல் தருவது வட்ட வழங்கல் அலுவலர். சென்னையாக இருந்தால் அந்தப் பகுதியின் உதவி ஆணையர் அலுவலகம்.

தலைவராக யாரைப் போடுவது என்பதில் வீட்டில் சின்ன விவாதம் நடந்தது. தம்பி ஆம்பிளைப் பிள்ளை, அவன் பெயரில் இருக்கட்டும் என்றார் சித்தப்பா. அம்மாதான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமே, கார்டு விஷயத்தில் 18 வயது நிறைந்த பெண்களில் மூத்தவரைத்தான் குடும்பத் தலைவராகக் கொள்ளச் சொல்கிறது. அதுவும் போக, மகளிர் உரிமைத் தொகை ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான் என்பதால், யார் தலைவி என்பது வீட்டில் நாளைக்குப் பேச்சாகும். இப்போதே தெளிவாக இருப்பது நல்லது. அம்மாவின் புகைப்படம், அம்மாவின் ஆதார், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் மூன்றையும் ஏற்றினோம். இடையில் ரேஷன் வாங்குவது நிற்கவில்லை. கார்டில் உள்ள யார் கைரேகை வைத்தாலும் கடையில் பொருள் தருவார்கள். புது ஸ்மார்ட் கார்டு அச்சாகி வரும் வரை அப்பா படம் போட்ட பழைய கார்டையே எடுத்துப் போனார் அம்மா.

அப்பா பெயர் போனதும் சர்க்கரை அரை கிலோ குறைந்தது. ஆளுக்கு அரை கிலோ என்ற கணக்கு அது. "இதுக்காகவே சில பேர் பேரை எடுக்கறதில்லை" என்றார் கடைக்காரர். முன்பெல்லாம் அப்படி ஓடியிருக்கலாம். இப்போது முன்னுரிமைக் கார்டுகளில் ஒவ்வொரு உறுப்பினரும் கடைக்கு வந்து கைரேகை வைத்து உறுதி செய்ய வேண்டியிருப்பதால், இறந்தவர் பெயர் தானாகவே வெளியே தெரிந்துவிடும். சித்தி பயமுறுத்தியதுபோல் உடனே வழக்குப் போடுவதெல்லாம் நாங்கள் கேள்விப்படாதது. ஆனால் தெரிந்தே வருடக் கணக்கில் வாங்கிக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

செல்போன் எண் ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கு: இணையத்தில் நுழைய முடியாது என்று இடைத்தரகரிடம் போக வேண்டாம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமைகளில் தாலுகா அளவில் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடத்துகிறார்கள். பெயர் நீக்கம், சேர்த்தல், முகவரி மாற்றத்தோடு செல்போன் எண் மாற்றத்துக்கும் அங்கேயே மனு வாங்குகிறார்கள். விண்ணப்பம் நகராமல் கிடந்தால் 1967 என்ற எண்ணில் கேட்கலாம்.

தம்பி மனைவியைச் சேர்ப்பதில்தான் கொஞ்சம் சிக்கியது. அவள் பெயர் இன்னும் அவள் அப்பா வீட்டுக் கார்டில் இருந்தது. ஒரு ஆதார் எண் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் இருக்க முடியாது. நாம் விண்ணப்பித்தாலும் ஏற்காது. அவள் அண்ணனிடம் சொல்லி, அவர்கள் கார்டில் திருமணம் என்ற காரணம் காட்டி நீக்க விண்ணப்பிக்க வைத்தோம். அது ஒப்புதலான பிறகு, திருமணப் பதிவுச் சான்றிதழையும் ஆதாரையும் வைத்து எங்கள் கார்டில் சேர்த்தோம். இங்கே ஒரு உறவினர் என்னிடம் ரகசியமாக, "உன் பேரையும் கார்டுல சேர்த்துக்கோ, இல்லன்னா வீட்டுல உனக்குப் பங்கு இல்லன்னு ஆகிடும்" என்றார். இது எங்கிருந்து வந்த நம்பிக்கையோ தெரியவில்லை. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் யார் என்பதுதான் ரேஷன் கார்டு. சொத்துரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் பெயர் திருச்சியில் என் புகுந்த வீட்டுக் கார்டில் இருக்கிறது, ஆனாலும் நான் அப்பாவின் வாரிசுதான்.

வாரிசு என்றால் யார் என்பது வாரிசுச் சான்றிதழில்தான் தெரியும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் இருவரும் விசாரித்து அறிக்கை தர, தாசில்தார் வழங்குகிறார். நாங்கள் அம்மா, நான், தம்பி மூவர் பெயரை எழுதிக் கொடுத்திருந்தோம். விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ. திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று திரும்பி, "அப்பாவோட அம்மா இருக்காங்களா?" என்றார். இருக்கிறார், சித்தப்பா வீட்டில். "அப்போ அவங்களும் வாரிசுதான், ஏன் விட்டீங்க?" அவர் கேட்டது சரிதான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒரு ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவனுடைய தாயும் முதல் வரிசை வாரிசு. மகன் முன்னால் போய், தாய் இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி விட்டுப்போகிறது. விடுபட்ட ஒருவரால் சான்றிதழே பிறகு கேள்விக்குள்ளாகும். பாட்டி பெயரையும் சேர்த்துத் திருத்திக் கொடுத்தோம். நான்கு பெயரோடு சான்றிதழ் வந்தது.

கேஸ் இணைப்புக்கு அதுதான் தேவைப்பட்டது. ரேஷன் கார்டு ஒரு குடும்பத்துக்கு என்றால் கேஸ் இணைப்பு ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு பெயரில்தான் இருக்கும். அதனால் மற்ற வாரிசுகள் எல்லாரும் 'எங்களுக்கு ஆட்சேபனை இல்லை' என்று கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். பாட்டியிடம் கொண்டு போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, "எதுக்குடி இது, சிலிண்டரா? எனக்கு எதுக்கு சிலிண்டர்?" என்று சிரித்தபடியே கைநாட்டு வைத்தார். கைநாட்டு வைத்தால் பக்கத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும் என்பதை ஏஜென்சியில் முன்பே கேட்டு வைத்திருந்தேன்.

யார் பெயருக்கு மாற்றுவது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு இணைப்பு என்பது விதி. தம்பி கல்யாணத்துக்கு முன்பு வேலை செய்த ஊரில் தன் பெயரில் ஒரு இணைப்பு வாங்கி, அதை ஒப்படைக்காமலே வந்திருந்தான். அப்பாவின் இணைப்பை அவன் பெயருக்கு மாற்றக் கொடுத்திருந்தால் கணினியில் இரட்டை இணைப்பு என்று நின்றிருக்கும். அம்மா பெயரில் எதுவும் இல்லாததால் அம்மா பெயருக்கே கேட்டோம். தம்பி பிறகு தன்னுடையதைச் சிலிண்டர், ரெகுலேட்டரோடு ஒப்படைத்து முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

ஏஜென்சியில் கொடுத்தவை: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆட்சேபனையின்மைக் கடிதம், அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தக நகல், கேஸ் புத்தகம், பிறகு முக்கியமாக ஆரம்பத்தில் இணைப்புக் கொடுத்தபோது தந்த சந்தா ரசீது. எஸ்.வி. என்று சொல்வார்கள். எத்தனை சிலிண்டர், எத்தனை ரெகுலேட்டர், எவ்வளவு முன்பணம் என்று அதில்தான் இருக்கும். அது அப்பாவின் டிரங்குப் பெட்டியில், எல்.ஐ.சி. பத்திரத்தோடு மடித்துக் கிடந்தது. மடிப்பில் கிழிந்து, மை மங்கி, ஆனால் முன்பணத் தொகை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அது தொலைந்திருந்தால் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தொகை தெளிவாகத் தெரிந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. கவுண்ட்டரில் இருந்தவர், "இப்போ டெபாசிட் கூடிடுச்சு, வித்தியாசத்தைக் கட்டணும், புது ரப்பர் டியூபும் அடுப்பும் எங்ககிட்டயே எடுக்கணும்" என்றார். டெபாசிட் கூடியது உண்மைதான். 2022 ஜூனில் 14.2 கிலோ சிலிண்டருக்கான முன்பணம் 1,450 ரூபாயிலிருந்து 2,200 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் அது புதிதாக இணைப்பு வாங்குகிறவர்களுக்கு. சந்தாதாரர் இறந்து வாரிசுக்கு மாறும்போது பழைய முன்பணமே தொடரும். அடுப்பு அவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. ரப்பர் டியூப் மட்டும் பழசாகியிருந்தால் மாற்றுவது நமக்குத்தான் நல்லது, எங்களுடையதில் வெடிப்பு விழுந்திருந்தது, மாற்றிக்கொண்டோம். "அப்படின்னா வித்தியாசத்தைக் கட்டணும்னு எழுதிக் கொடுங்க சார், நான் 1800-2333-555-ல் கேட்டுக்கறேன்" என்றேன். சத்தமெல்லாம் போடவில்லை. அவர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, பழைய தொகையிலேயே அம்மா பெயரில் புது ரசீது போட்டார். அந்த எண் எண்ணெய் நிறுவனங்களின் பொது உதவி எண். 1906 கசிவு அவசரத்துக்கு மட்டும், இதற்கெல்லாம் அதில் கூப்பிடக் கூடாது.

இவ்வளவு அலைந்து எதற்கு, சிலிண்டர்தான் வந்துகொண்டிருக்கிறதே, அப்பா பெயரிலேயே ஓட்டலாமே என்று தம்பி ஒருமுறை கேட்டான். ஓட்டலாம், கொஞ்ச நாள். மானியம் இறந்தவருடைய வங்கிக் கணக்குக்கே போகும். கணக்கு முடக்கப்பட்டதும் திரும்பிவிடும். ஆதார் கைரேகையோ முகமோ வைத்து கே.ஒய்.சி. செய்யச் சொன்னால் யார் போய் வைப்பது? இன்னொன்று, விபத்து நடந்தால் எண்ணெய் நிறுவனங்களின் காப்பீடு பதிவு பெற்ற வாடிக்கையாளர், பதிவான முகவரி என்ற கணக்கில்தான் பார்க்கப்படுகிறது. பெயர் மாறியதும் அம்மாவின் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் ஏஜென்சியில் சேர்த்துவிட வேண்டும். அது தானாக நடக்காது, கேட்டு வாங்க வேண்டியது.

மற்றவற்றில் மின் இணைப்பு அவசரமில்லை. பில் கட்டிக்கொண்டே இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் கையில் இருப்பதால் மாற்றுவது எளிது, தம்பி பார்த்துக்கொண்டான். வாக்காளர் பட்டியலில் இறந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7. பட்டாவை மட்டும் ஒருவர் பெயருக்குத் தள்ளிவிடாமல் நான்கு வாரிசுகள் பெயரிலும் கூட்டாகவே விட்டிருக்கிறோம். பாட்டி தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்கிறார், ஆனால் அது வாய்ப் பேச்சில் முடிகிற வேலை இல்லை, விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதிய வேண்டும். ஆதாரில் இறப்பைத் தெரிவிக்கும் வசதி myAadhaar தளத்தில் இருக்கிறது. குடும்பத்தினர் தங்கள் ஆதாரில் நுழைந்து சொல்லலாம். கேஸும் ரேஷனும் முடிந்த பிறகு கடைசியாக அதையும் செய்தோம்.